மூன்று இருப்புகள், மூன்றும் வேறு வேறு தொகை: இதில் என் பணம் எது?

நெய்தல் · திங்கள், காலை 9:40

வங்கிச் செயலியைத் திறந்தால் என் கணக்குக்குக் கீழே இப்படி மூன்று வரிகள் தெரிகின்றன:

```
Available Balance    24,300.00
Ledger Balance       48,500.00
Clearing Balance     20,000.00
```

நாளை வாடகை 27,000 கட்ட வேண்டும். இன்று காலையே அனுப்பிவிடலாம் என்று முயன்றேன், போதிய இருப்பு இல்லை என்று செயலி மறுத்துவிட்டது. லெட்ஜரில் 48,500 இருக்கும்போது 27,000 அனுப்ப ஏன் முடியாது? அவைலபிளையும் கிளியரிங்கையும் கூட்டினால் 44,300 வருகிறது, அதுவும் லெட்ஜரோடு ஒத்துப்போகவில்லை. நடுவில் 4,200 எங்கே போனது என்றே தெரியவில்லை. யாராவது என் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலன் · திங்கள், காலை 10:05

பயப்பட வேண்டாம் சகோதரி, இது எளிய விஷயம். லெட்ஜர் என்பது நேற்று இரவு வங்கி கணக்கை முடித்தபோது இருந்த தொகை. அவைலபிள் என்பது இந்த நிமிடத்துத் தொகை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்று நீங்கள் செலவழித்தது. கிளியரிங் என்பது கிளியர் ஆகி முடிந்த பணம். இன்றைய பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள், 24,200க்குச் செலவு இருக்கும். இரவு தாண்டியதும் லெட்ஜரும் இறங்கி அவைலபிளோடு சமமாகிவிடும்.

நெய்தல் · திங்கள், காலை 10:20

நன்றி. ஆனால் இன்று நான் எதையும் செலவழிக்கவில்லை. பட்டியலில் இன்றைய தேதியில் ஒரு வரிகூட இல்லை. நேற்றும் இதே மூன்று எண்கள்தான் இருந்தன, இரவு கடந்தும் எதுவும் மாறவில்லை.

பழையகணக்கர் · திங்கள், காலை 11:10

வங்கியின் கணக்கு ஒப்புநோக்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வேலன் சொல்வதும் முழுத் தவறு அல்ல. சில வங்கிகளில் லெட்ஜர் இரவில்தான் புதுப்பிக்கப்படும், அங்கே அவர் சொன்னபடியேதான் தெரியும். உங்கள் வங்கி அப்படிப்பட்டதாகத் தோன்றவில்லை. அப்படியிருந்தால் நேற்று இரவே லெட்ஜர் இறங்கியிருக்க வேண்டும்.

இந்த மூன்று பெயர்களில் மிகவும் குழப்புவது கிளியரிங்தான். காரணம், எல்லா வங்கிகளும் அதை ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை. ஒரு வங்கியில் அது இன்னும் கைக்கு வராத காசோலைகளின் மொத்தம். இன்னொரு வங்கியில் அதற்கு நேர்மாறாக, வந்து சேர்ந்துவிட்ட பணத்தின் மொத்தம். செயலியைப் பார்த்து மட்டும் இதைச் சொல்ல முடியாது, கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அண்மையில் 20,000க்குக் காசோலை ஏதும் போட்டீர்களா? போட்டிருந்தால் உங்கள் வங்கியில் கிளியரிங் என்பது வராத பணம். அப்படியானால் அதைப் போய் அவைலபிளோடு கூட்டக் கூடாது, லெட்ஜரிலிருந்து கழிக்க வேண்டும். 48,500இல் 20,000 போனால் 28,500. உங்கள் அவைலபிள் 24,300. ஆக, இன்னும் 4,200 எங்கோ பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. அது ஏற்கெனவே வெளியே எடுக்கப்பட்டிருந்தால் லெட்ஜர் குறைந்திருக்கும். லெட்ஜர் குறையாமல் அவைலபிள் மட்டும் குறைந்தால், பணம் இன்னும் உங்கள் கணக்கைவிட்டு வெளியே போகவில்லை, யாரோ அதன்மேல் கை வைத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கடந்த வாரத்தில் விடுதி, வாடகைக் கார், பெட்ரோல் நிலையம் எங்காவது அட்டையைக் கொடுத்தீர்களா?

நெய்தல் · திங்கள், காலை 11:35

ஐயா, இரண்டுமே சரி! வெள்ளிக்கிழமை மாலை 20,000க்குக் காசோலை போட்டேன். முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து வர வேண்டிய நிலுவைத் தொகை அது. சனி, ஞாயிறு ஒரு விடுதியில் தங்கினேன். உள்ளே போகும்போது அட்டையைத் தேய்த்து 4,200 என்று எடுத்தார்கள். வெளியே வரும்போது பில் 3,100தான் வந்தது. 4,200 கட்டிவிட்டேன், மீதி 1,100ஐத் திருப்பிக் கொடுப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். இப்போது செயலியில் தேடினால் 'நிலுவையில் உள்ளவை' என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது, அங்கே அந்த 4,200 இருக்கிறது.

பழையகணக்கர் · திங்கள், நண்பகல் 12:15

அதுவேதான். விடுதிக்காரர் அந்த 4,200ஐ எடுக்கவில்லை. 'இந்த அட்டையில் இவ்வளவு இருக்கிறதா, எனக்காக அதைத் தொடாமல் வைக்க முடியுமா' என்று உங்கள் வங்கியைக் கேட்டார். வங்கி சரி என்று ஒரு அனுமதி எண்ணைக் கொடுத்து, அவைலபிளிலிருந்து மட்டும் அதைக் குறைத்துக்கொண்டது. பேரேட்டில், அதாவது லெட்ஜரில், எழுதவில்லை. விடுதி உண்மையான பில்லை அனுப்பும்போதுதான் பேரேட்டில் வரி ஏறும். அது பெரும்பாலும் ஓரிரு நாட்களில் நடக்கும்.

ஆக உங்கள் கணக்கு இப்படி:

```
48,500 − 20,000 − 4,200 = 24,300
```

காசு கணக்கில் ஒரு பைசாகூடத் தவறவில்லை. ஆனால் 27,000 வாடகைக்கு இன்று வழியில்லை. காசோலைப் பணம் வரும்வரை வீட்டுக்காரரிடம் சொல்லி ஓரிரு நாள் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தானாகப் போகும்படி வேறு ஏதாவது தவணை ஏற்பாடு செய்திருந்தால் அதையும் பாருங்கள். தானியங்கித் தவணைகளும் அவைலபிளைத்தான் பார்க்கும், லெட்ஜரை அல்ல. லெட்ஜரில் பணம் இருக்கிறதே என்று நம்பித் தவணை திரும்பி அபராதம் கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாமரை · திங்கள், பிற்பகல் 1:30

எனக்கு இதே குழப்பம்தான். ஆனால் எனக்கு அவைலபிள் அதிகமாக இருக்கிறது, லெட்ஜர்தான் குறைவு. லெட்ஜர் 6,000, அவைலபிள் 56,000. எனக்கும் ஏதோ காசோலை நிற்கிறதா? நான் காசோலையே போடவில்லை. போன மாதம் இப்படித்தான் அவைலபிளைப் பார்த்து 9,000க்கு ஒரு சலவை இயந்திரம் வாங்கினேன், பிறகு வட்டி என்று ஒரு தொகையைக் கழித்தார்கள்.

பழையகணக்கர் · திங்கள், பிற்பகல் 2:00

அம்மா, உங்களுடையது முற்றிலும் வேறு. கணக்கு தொடங்கும்போதோ சம்பளக் கணக்காக மாற்றும்போதோ 50,000க்கு மிகைப்பற்று வசதி கொடுத்திருப்பார்கள். வங்கி அந்த 50,000ஐயும் அவைலபிளில் சேர்த்துக் காட்டுகிறது. உங்கள் பணம் 6,000 மட்டுமே. போன மாதமும் இதே 6,000தான் இருந்தது என்றால், 9,000 செலவழித்தபோது 6,000 உங்களுடையது, 3,000 வங்கியிடம் வாங்கிய கடன். லெட்ஜர் மைனஸ் 3,000 ஆகியிருக்கும், அதற்குத்தான் வட்டி.

அவைலபிள் என்ற சொல்லை 'என் பணம்' என்று படிக்காதீர்கள். 'இந்த நிமிடம் வங்கி எவ்வளவு வரை எடுக்க விடும்' என்று படியுங்கள். நெய்தலுக்கு அது சொந்தப் பணத்தைவிடக் குறைவாக நிற்கிறது, உங்களுக்கு அதிகமாக நிற்கிறது. சில செயலிகளில் அமைப்புகளுக்குள் போய் மிகைப்பற்றைச் சேர்க்காமல் காட்டும்படி மாற்றலாம். அந்த வசதி இல்லாவிட்டால் நீங்கள் லெட்ஜரைப் பார்த்தே செலவு செய்வது நல்லது.

தாமரை · திங்கள், பிற்பகல் 2:25

இதை அப்போதே ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால்! மிகைப்பற்று வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. நாளை கிளைக்குப் போய் அதை எடுத்துவிடச் சொல்லப் போகிறேன்.

வேலன் · திங்கள், மாலை 4:10

நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். என் வங்கியில் நான் சொன்னபடிதான் நடக்கிறது, எல்லா இடத்திலும் அப்படி என்று நினைத்துவிட்டேன். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. காசோலைப் பணம் இன்னும் வரவே இல்லை என்றால், அதை ஏன் லெட்ஜரில் ஏற்ற வேண்டும்? வந்த பிறகு எழுதினால் இந்தக் குழப்பமே இருக்காதே?

பழையகணக்கர் · திங்கள், மாலை 5:00

நல்ல கேள்வி. வங்கியின் பக்கத்திலிருந்து பாருங்கள். நீங்கள் காசோலையைக் கொடுத்த அந்த நாளே அது வங்கியின் பொறுப்புக்கு வந்துவிடுகிறது. அன்றே ஒரு பதிவு இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அந்தக் காசோலை எங்கே இருக்கிறது என்பதற்குக் கணக்கே இருக்காது. ஆகவே உங்கள் கணக்கில் 20,000 வரவு, மறுபக்கம் 'வசூலாக வேண்டியது' என்ற தலைப்பில் 20,000. இரண்டு பக்கமும் சமம். பிறகு காசோலையின் படம், வங்கிகள் காசோலைகளைப் பரிமாறிக்கொள்ளும் தீர்வகத்துக்குப் போய், அங்கிருந்து எழுதிக் கொடுத்தவரின் வங்கிக்குப் போகிறது. அந்த வங்கி கையெழுத்து, தேதி, இருப்பு எல்லாம் பார்த்து ஏற்கும், அல்லது குறித்த நேரத்துக்குள் திருப்பி அனுப்பும். அந்தக் கெடு முடியும்வரை உங்கள் 20,000 காகிதத்தில் இருக்கும், கையில் இராது.

பேரேடு என்பது எழுதப்பட்டவற்றின் கூட்டல். எது எழுதப்பட்டது என்று அது சொல்லும், எது உறுதியானது என்று சொல்லாது. பழைய நாட்களில் நாங்கள் அப்படிப்பட்ட வரவுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு வைப்போம், பணம் எடுக்க வருபவருக்குக் காசாளர் அந்தக் குறியைப் பார்த்தே கொடுப்பார். இப்போது கணினி அந்தக் குறியை மூன்றாவது வரியாகக் காட்டுகிறது.

நிறுவனங்களுக்கு வங்கிகள் அனுப்பும் எம்டி 940 என்ற அறிக்கையில் இது தெளிவாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும். `:62F:` என்ற வரி பேரேட்டு முடிவு இருப்பு, `:64:` என்ற வரி எடுக்கக்கூடிய முடிவு இருப்பு. `:65:` என்று இன்னொன்றும் உண்டு, எந்தத் தேதியில் எவ்வளவு எடுக்க முடியும் என்று முன்கூட்டியே சொல்வது. அந்த `:65:` வரி ஒரு சாதாரண ஆளின் செயலியில் இருந்தால் நெய்தல் இன்று இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார்.

ஓடம் · திங்கள், இரவு 8:15

கணக்கர் ஐயா சொல்வதில் ஒன்றை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவைலபிளில் வந்துவிட்டால் பணம் வந்துவிட்டது என்று நினைத்து நான் பெரிதாக இழந்தேன்.

என் பழைய கேமராவை விற்றேன். விலை 15,000. வாங்கியவர் 40,000க்குக் காசோலை அனுப்பிவிட்டு, தவறிப் போய் அதிகமாக எழுதிவிட்டேன், 25,000ஐ மட்டும் உடனே திருப்பி அனுப்புங்கள் என்றார். நான் முட்டாள்தனமாக உடனே அனுப்பிவிடவில்லை. இரண்டு நாள் காத்திருந்தேன். கிளியரிங் வரி பூச்சியமானது, அவைலபிள் 40,000 ஏறியது. இனிப் பயமில்லை என்று 25,000 அனுப்பினேன். எட்டாவது நாள் காசோலை போலி என்று திரும்பியது. வங்கி 40,000ஐயும் கழித்தது, அதற்கு மேல் திரும்பிய காசோலைக்கான கட்டணமும் கழித்தது. கணக்கு மைனஸில் போனது. கேமராவும் போயிற்று.

வேலன் · திங்கள், இரவு 8:40

இது அநியாயம். கிளியர் ஆகிவிட்டது என்று காட்டியது வங்கி. அதை நம்பியது நீங்கள். நட்டம் வங்கியுடையதாகத்தானே இருக்க வேண்டும்?

பழையகணக்கர் · திங்கள், இரவு 9:20

ஓடம், உங்களுக்கு நடந்தது வேதனையானது. இந்த வலையில் விழுபவர்கள் அறியாதவர்கள் அல்லர், உங்களைப் போல எச்சரிக்கையாகக் காத்திருந்தவர்களும் விழுகிறார்கள். ஏனென்றால் செயலி காட்டிய எண்ணே அவர்களை ஏமாற்றுகிறது.

சில நாடுகளில் காசோலை போட்ட இத்தனையாவது நாளுக்குள் வாடிக்கையாளரை எடுக்க விட வேண்டும் என்று விதி உண்டு. அந்தக் காலம் முடிந்ததும் வங்கி நிறுத்தத்தை எடுத்துவிடும், அந்தப் பக்கத்து வங்கி காசோலையை ஏற்றதா என்ற பதில் வந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதாவது அந்த 40,000 உங்களுக்கு வங்கி கொடுத்த ஒரு தற்காலிக வரவு. நீங்கள் போட்ட காசோலைக்கு நீங்களே பொறுப்பு என்று கணக்கு தொடங்கும்போது கையெழுத்திட்ட படிவத்தில் இருக்கும். வேலனின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் படிவத்தின்படி வங்கி கழிக்கலாம்.

தெரியாதவரின் காசோலையாக இருந்தால் செயலியைப் பார்க்காதீர்கள். கிளைக்குப் போன் செய்து, 'அவைலபிளில் வந்ததா' என்று கேட்காமல், 'இந்தக் காசோலைக்குரிய பணம் எழுதியவரின் வங்கியிலிருந்து வசூலாகிவிட்டதா, இனித் திரும்பக் கூடுமா' என்று கேளுங்கள். இரண்டும் வேறு கேள்விகள். முதலாவதற்கு ஆமாம் என்றும் இரண்டாவதற்குத் தெரியாது என்றும் ஒரே அதிகாரி பதில் சொல்லக்கூடும்.

வேலன் · திங்கள், இரவு 9:45

படிவத்தில் இருப்பதால் மட்டும் அது சரியாகிவிடாது என்றே நான் இன்னும் நினைக்கிறேன். குறைந்தது அந்த வரியில் 'தற்காலிகம்' என்றாவது போட்டிருக்க வேண்டும்.

ஓடம் · திங்கள், இரவு 10:00

அதையேதான் நானும் புகாரில் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

நெய்தல் · செவ்வாய், காலை 10:30

ஐயா, நிலைமை மோசமாகிவிட்டது. இன்று காலை பார்த்தால் இப்படி இருக்கிறது:

```
Available Balance    21,200.00
Ledger Balance       45,400.00
Clearing Balance     20,000.00
```

விடுதியின் 3,100 பட்டியலில் ஏறிவிட்டது. சரி, லெட்ஜர் குறையட்டும். ஆனால் அவைலபிள் ஏன் மறுபடியும் குறைய வேண்டும்? நிலுவைப் பக்கத்தில் 4,200 அப்படியே இருக்கிறது. என்னிடம் இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள்! வீட்டுக்காரரிடம் நாளை வரை கேட்டிருக்கிறேன்.

பழையகணக்கர் · செவ்வாய், காலை 11:00

45,400இல் 20,000 போய், 4,200 போனால் 21,200. எண்கள் ஒத்துப்போகின்றன. ஆகப் பில் வந்துவிட்டது, பிடித்துவைத்தது மட்டும் விடுபடவில்லை. இரண்டு தடவை எடுத்ததாகத் தெரிந்தாலும் லெட்ஜரில் ஒரு முறைதான் கழிந்திருக்கிறது, அதனால் பணம் போகவில்லை.

பில் வரும்போது வங்கிக் கணினி அதைப் பழைய அனுமதியோடு பொருத்திப் பார்க்கும். அனுமதி எண் பொருந்தினால் 4,200ஐ விடுவித்துவிட்டு 3,100ஐ எழுதும். பொருந்தாவிட்டால் இது புதிய செலவு என்று எண்ணி அதை எழுதும், பழையதும் தன் காலம் முடியும்வரை நிற்கும். சாதாரணக் கடைகளில் அந்தக் காலம் ஒரு வாரம்போல இருக்கும். விடுதி, வாடகைக் கார் என்றால் ஒரு மாதம்வரைகூட நிற்கலாம்.

குறிஞ்சி · செவ்வாய், காலை 11:25

நான் ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை செய்கிறேன், எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். அட்டை இயந்திரத்தில் விருந்தினர் வெளியேறும்போது இரண்டு வழி உண்டு. முதலில் பிடித்துவைத்ததை அழைத்து, அனுமதி எண்ணைக் கொடுத்து, அதில் 3,100ஐ முடிப்பது ஒன்று. புதிதாக 3,100க்கு விற்பனை போடுவது இன்னொன்று. முதலாவதில் பழைய சீட்டைத் தேடி எண்ணைத் தட்ட வேண்டும். காலையில் வரிசையாக ஆட்கள் நிற்கும்போது புதியவர்கள் இரண்டாவதைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் பழைய 4,200ஐத் தனியாக ரத்து செய்ய வேண்டும், அதை மறந்துவிடுவார்கள். விருந்தினர் இரண்டு நாள் கழித்துக் கோபமாகக் கூப்பிடுவார்.

உங்களிடம் இரண்டு சீட்டு இருக்கிறதா? இரண்டிலும் அனுமதி எண் வேறு வேறாக இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. சனிக்கிழமைச் சீட்டில் உள்ள எண்ணைச் சொல்லி, 'இந்த முன் அனுமதியை ரத்து செய்யுங்கள்' என்று கேளுங்கள். 'என் 4,200ஐத் திருப்பித் தாருங்கள்' என்று கேட்காதீர்கள். நாங்கள் பணம் வாங்கவே இல்லை என்பதால், திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை என்று கணக்குப் பிரிவில் சொல்லிவிடுவார்கள். இருவரும் உண்மையைத்தான் சொல்வீர்கள், ஆனால் வேலை நடக்காது.

நெய்தல் · செவ்வாய், நண்பகல் 12:10

குறிஞ்சி, மிக்க நன்றி. இரண்டு சீட்டும் பையில் இருந்தன, எண்கள் வேறுதான்! விடுதிக்குப் போன் செய்தேன். முதலில் நீங்கள் சொன்னபடியே 'நாங்கள் 3,100தான் எடுத்தோம்' என்றார்கள். பிறகு முன் அனுமதி என்ற சொல்லைச் சொல்லி எண்ணையும் கொடுத்தவுடன் ஒருவருக்குப் புரிந்துவிட்டது. ரத்து அனுப்புவதாகச் சொன்னார்.

பழையகணக்கர் · செவ்வாய், நண்பகல் 12:30

நல்லது. குறிஞ்சி சொன்னது நான் உள்ளேயிருந்து பார்க்க முடியாத பக்கம். ரத்து வரத் தாமதமானால், உங்கள் வங்கியின் அட்டைப் பிரிவுக்குப் போன் செய்து, சனிக்கிழமைத் தேதி, தொகை, அனுமதி எண் மூன்றையும் சொல்லுங்கள். விடுதியிடமிருந்து ரத்துக் கடிதமோ மின்னஞ்சலோ இருந்தால் அவர்களே கையால் விடுவிக்கலாம். விடுதியின் ஒப்புதல் இல்லாமல் பெரும்பாலும் செய்யமாட்டார்கள்.

நெய்தல் · புதன், பிற்பகல் 3:40

காசோலை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். இப்போது கிளியரிங் பூச்சியம், அவைலபிள் 41,200, லெட்ஜர் அதே 45,400. உடனே வாடகை 27,000 அனுப்பினேன், போய்விட்டது. இப்போது லெட்ஜர் 18,400, அவைலபிள் 14,200.

ஒன்றுதான் விசித்திரமாக இருக்கிறது. 20,000 விடுபட்டதற்குப் பட்டியலில் ஒரு வரிகூட வரவில்லை, குறுஞ்செய்தியும் இல்லை. நான் செயலியைத் திறந்து பார்க்கவில்லை என்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

பழையகணக்கர் · புதன், மாலை 4:15

வரி வராது. வரவு வெள்ளிக்கிழமையே எழுதப்பட்டுவிட்டது, லெட்ஜர் அன்றே ஏறிவிட்டது. இன்று நடந்தது ஒரு தடை நீங்கியது மட்டுமே, புதிய பதிவு இல்லை. பிடித்துவைத்த 4,200 விடுபடும்போதும் இப்படியேதான், பட்டியலில் எதுவும் வராது, அவைலபிள் மட்டும் ஏறும். 'பணம் திரும்ப வரவே இல்லை' என்று வங்கியோடு சண்டை போடுபவர்களில் பலர் பட்டியலில் ஒரு வரவு வரியைத் தேடிக்கொண்டிருப்பவர்கள்.

தாமரை · வியாழன், காலை 9:50

கிளைக்குப் போய் வந்தேன். மிகைப்பற்றை எடுக்க விண்ணப்பம் கொடுத்தேன். இப்போது அவைலபிள் 6,000 மட்டும் காட்டுகிறது. பார்ப்பதற்குக் குறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் இரவில் நிம்மதியாகத் தூங்கினேன்.

நெய்தல் · வெள்ளி, காலை 8:20

4,200 விடுபட்டது. ஐயா சொன்னபடியே வரி ஏதும் இல்லை. அவைலபிளும் லெட்ஜரும் 18,400, கிளியரிங் பூச்சியம். இந்த வாரத்தில் இரண்டும் சமமாக நிற்பதை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

வேலன் · வெள்ளி, காலை 9:30

மகிழ்ச்சி சகோதரி. எனக்கு இன்னொரு சந்தேகம். வெள்ளி முதல் புதன்வரை லெட்ஜரில் அந்த 20,000 இருந்தது. சேமிப்புக் கணக்கின் வட்டியை அந்த நாட்களுக்கு 20,000ஐச் சேர்த்துக் கணக்கிடுவார்களா, சேர்க்காமலா?

பழையகணக்கர் · வெள்ளி, காலை 10:40

நான் இருந்த வங்கியில் சேர்க்கமாட்டோம். ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு தேதி உண்டு. எழுதிய தேதி ஒன்று, பணமதிப்புத் தேதி இன்னொன்று. வட்டி இரண்டாவதிலிருந்துதான் ஓடும். காசோலைக்கு அது வசூலான நாள். வேறு வங்கிகள் வாடிக்கையாளருக்குச் சலுகையாக முன்தேதி கொடுப்பதும் உண்டு. நெய்தல், உங்கள் கணக்கு அறிக்கையைப் பதிவிறக்கினால் இரண்டு தேதிப் பத்திகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நெய்தல் · வெள்ளி, காலை 11:15

பார்த்தேன், ஒரே ஒரு தேதிதான் இருக்கிறது. கிளையில் கேட்டிருக்கிறேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

வேலன் · வெள்ளி, இரவு 7:50

இதையெல்லாம் படித்துவிட்டு என் செயலியை இத்தனை நாளாகக் கவனித்தேன். என்னுடையதில் கிளியரிங் எப்போதும் லெட்ஜருக்குச் சமமாகவே நிற்கிறது. இன்று 31,750, இரண்டும் அதே. காசோலை ஏதும் போடவில்லை. அப்படியானால் என் வங்கியில் கிளியரிங் என்பது வந்து சேர்ந்த பணம், சரிதானே ஐயா?

பழையகணக்கர் · வெள்ளி, இரவு 8:30

அப்படித்தான் தோன்றுகிறது. நிலுவைக் காசோலை எதுவும் இல்லாத நாளில் ஒருவருக்குப் பூச்சியம் காட்டும், இன்னொருவருக்கு லெட்ஜரையே காட்டும். பூச்சியம் காட்டினால் வராத பணம், லெட்ஜரைக் காட்டினால் வந்த பணம். இருந்தாலும் அடுத்த முறை காசோலை போடும் நாளில் ஒரு தடவை பாருங்கள். லெட்ஜர் ஏறி, கிளியரிங் அசையாமல் நின்றால் உறுதி.

வேலன் · வெள்ளி, இரவு 8:45

அடுத்த மாதம் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு காசோலை வர வேண்டியிருக்கிறது. போட்டதும் மூன்று எண்களையும் இங்கே எழுதுகிறேன்.